வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்பும்போது எங்கே இழக்கிறோம்?

கோத்தகிரியிலிருந்து ஜெர்மனியில் படிக்கும் மகளுக்கு 1,500 யூரோ அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக, அன்றைய சந்தை விலை ஒரு யூரோ 100 ரூபாய்.

ஒரு வங்கி "சார்ஜ் எதுவும் இல்லை" என்கிறது. அதன் விற்பனை ரேட் 102.50. இன்னொரு வங்கி 1,000 ரூபாய் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி 180 ரூபாய் என்கிறது. ரேட் 100.90. கட்டணத்தை மட்டும் பார்த்து முதல் வங்கிக்குப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. பெருக்கிப் பாருங்கள். முதல் வங்கியில் 1,53,750 ரூபாய், இரண்டாவதில் கட்டணமும் சேர்த்து 1,52,530. "இலவசம்" என்ற இடத்தில் 1,220 ரூபாய் கூடுதலாகப் போகிறது. அது ரேட்டுக்குள்ளேயே இருப்பதால் ரசீதில் தனி வரியாகத் தெரியாது. நாணய மாற்றத்துக்கும் தனியாக ஒரு ஜிஎஸ்டி உண்டு. இந்தத் தொகைக்கு அது இரண்டு இடத்திலும் 225 ரூபாய் அளவில்தான் வரும் என்பதால் அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

போனில் தேடினால் வரும் ரேட்டை வைத்து வங்கியில் வாதாடுவதும் வீண். அது சந்தையின் நடு விலை. அந்த விலையில் வங்கி நமக்கு விற்காது. ஆனால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி சொல்லும் ரேட் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதுதான் மறைந்திருக்கும் கட்டணம்.

அடுத்தது, அதிகம் வலிக்கும் தவறு. படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்ற இடத்தில் OUR, SHA என்று இருக்கும். SHA என்றால் வழியில் உள்ள வங்கிகள் தங்கள் பங்கை அனுப்பிய பணத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். 20 யூரோ பிடித்தால் மகளுக்கு 1,480 தான் சேரும். வாடகைக்கு அனுப்பியது குறைந்துபோனால் அந்தப் பெண் அங்கே யாரிடம் போய்க் கேட்பாள்? OUR போட்டால் இங்கே கொஞ்சம் கூடக் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் பெரும்பாலும் முழுத் தொகையும் போய்ச் சேரும். அதனால் எல்லா வங்கியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு ரூபாய் போகும், அங்கே எத்தனை யூரோ சேரும்?"

நம் மலை ஊர்களில் இன்னொன்றும் உண்டு. எல்லாக் கிளையிலும் அந்நியச் செலாவணி வேலை நடப்பதில்லை. படிவத்தை இங்கே வாங்கி, கோவை போன்ற பெரிய ஊர்க் கிளைக்கு அனுப்புவார்கள். அப்படியானால் காலையில் கேட்ட ரேட் இல்லாமல், அங்கே பணம் மாற்றும் நேரத்து ரேட் விழலாம். கையெழுத்துப் போடும் முன் எந்த நேரத்து ரேட் என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தால் திங்கள் வரை கிடக்கும், அதற்குள் ரேட் மாறிவிடலாம்.