பிளக் பாயிண்ட் இல்லாத மூலைக்கு சீரியல் லைட்: பேட்டரியா, சார்ஜ் போடறதா, கரண்ட்டா? எங்க எங்க தப்பு பண்றோம்

பாலக்கோட்டுல எங்க பெரியம்மா பொண்ணு வீடு பழைய கல்லு வீடு, ஹால்ல ஒரு மூலையில மாடம் இருக்கு, அதுல ஒரு பித்தளை விளக்கும் ரெண்டு பொம்மையும் வச்சு சுத்தி குட்டி குட்டி லைட்டு விட்டா நல்லா இருக்கும்னு அக்காவுக்கு ஆசை. பிரச்சனை என்னன்னா இருக்கற ஒரே பிளக் பாயிண்ட் டிவி பக்கத்துல, அதுக்கும் மாடத்துக்கும் பன்னெண்டு அடி, நடுவுல ரூமுக்கு போற வாசப்படி வேற. அந்த கருங்கல் சுவத்துல காடி வெட்டி புதுசா பாயிண்ட் வைக்கறது நடக்கற காரியம் இல்ல. இந்த மாதிரி மூலை நம்ம ஊர் பக்கம் பாதி வீட்டுல இருக்கும், அதனால அந்த மாடத்தையே கணக்கா வச்சு சொல்லிடறேன்.

முதல் தப்பு கடையிலயே ஆரம்பிச்சிடுது, எத்தனை நாள் எரியணும்னு யோசிக்காம லைட்ட வாங்கிடறோம். கொலு மாதிரி ஒம்பது நாள் சமாச்சாரம் வேற, வருஷம் முழுக்க சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் எரியறது வேற. அக்கா வேணும்னு சொன்னது ரெண்டாவது, ஆனா வாங்கிட்டு வந்தது மூணு பென்சில் செல் போடற செம்புக்கம்பி லைட்டு, 100 பல்பு. கடையில போட்டு காட்டும்போது ஜெகஜோதியா இருந்துச்சாம். மூணாவது நாள் போன் பண்ணி, "ஏன்டா தம்பி, இது லைட்டா மின்மினிப்பூச்சியா"ன்னு கேட்டாங்க.

கணக்கு சிம்பிள். அந்த 100 பல்பு சரம் சுமாரா 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். நல்ல ஆல்கலைன் பென்சில் செல்லுல கிட்டத்தட்ட 2000 மில்லி ஆம்பியர் ஹவர் இருக்கும். மூணு செல் போட்டா 6000 ஆயிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது கிடையாது, பாக்ஸுக்குள்ள செல்லுங்க வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு மாட்டியிருக்கு, அதனால வோல்ட்டுதான் 4.5 ஆகும், தாங்கற நேரம் ஒரு செல்லோட நேரம்தான். 2000-ஐ 150-ஆல வகுத்தா பதிமூணு மணி நேரம், தினம் நாலு மணி நேரம்னா மூணு சாயங்காலம், அவ்ளோதான். மாசத்துக்கு பத்து செட்டு, முப்பது செல். ஒரு செல்லு முப்பது ரூபான்னு வச்சா தொள்ளாயிரம் ரூபா, லைட்டோட விலைய விட ஜாஸ்தி. பெட்டிக்கடையில தொங்கற விலை கம்மியான செல்லு எல்லாம் பெரும்பாலும் ஜிங்க் கார்பன், கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அது போதும், இந்த சரத்துக்கு போட்டா ஒரு சாயங்காலம் தாண்டறதே கஷ்டம். அக்கா போட்டது அதுதான்.

இதுல இன்னொன்னு, கலர் கலரா இருக்கற சரம் வாங்கினவங்க செல்லு இறங்கும்போது பாருங்க, நீலமும் பச்சையும் வெள்ளையும் முதல்ல மங்கும், சிவப்பும் மஞ்சளும் மட்டும் எரிஞ்சிட்டு இருக்கும். பல்பு போச்சுன்னு லைட்ட தூக்கி போட்டுடாதீங்க. நீலம், வெள்ளைக்கு மூணு வோல்ட் பக்கம் வேணும், சிவப்புக்கு ரெண்டே போதும், அதான் விஷயம். புது செல் போட்டா எல்லாம் திரும்ப வந்துடும். ரிமோட் இருக்கற பாக்ஸா இருந்தா ஆஃப் பண்ணி வச்சாலும் ரிமோட் சிக்னலுக்காக உள்ள ஒரு சின்ன சர்க்யூட் முழிச்சிட்டே இருக்கும், மாசக்கணக்குல எரிக்காம வச்சாலும் செல்லு தீரும்.

சரி, சார்ஜ் பண்ற பென்சில் செல் வாங்கிடலாம்னு அடுத்த யோசனை வரும், நல்ல யோசனைதான், ஆனா இங்கயும் ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு, அந்த செல்லு 1.5 வோல்ட் இல்ல, 1.2. மூணு செல் பாக்ஸ்ல போட்டா 3.6 வரும், கொஞ்சம் மங்கலா ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் ஒரே மாதிரி எரியும், பிரச்சனை இல்ல. ரெண்டு செல் பாக்ஸ்ல போட்டா 2.4 தான், வெள்ளை பல்பு எரியறதே சந்தேகம், எரிஞ்சாலும் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ரெண்டாவது குழி சார்ஜர்ல. விலை கம்மியான சார்ஜர் நிறைய ஜோடி ஜோடியாத்தான் சார்ஜ் ஏத்தும், நம்மகிட்ட இருக்கறது மூணு செல், மூணாவது தனியா உக்காந்தா ஏறாது. அப்புறம் அந்த ஏறாத செல்லையும் ஏறின ரெண்டையும் சேர்த்து பாக்ஸ்ல போடுவோம், சீக்கிரமே மங்கிடும், ஏறாத செல்லும் கெட்டுப்போகும். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியா சின்ன லைட்டு எரியற சார்ஜரா பாத்து வாங்குங்க, ஆறு செல் வாங்கி ரெண்டு செட்டா மார்க்கர்ல அ, ஆ-ன்னு எழுதி வச்சுக்கோங்க, செட்டு மாறக்கூடாது. பென்சில் செல் சைஸ்லயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கிடைக்குது, அது மூணு போட்டா 11 வோல்ட் ஆயிடும், சரம் கருகிடும், அத இந்த பாக்ஸ் பக்கமே கொண்டு வராதீங்க.

உள்ளயே பேட்டரி வச்சு சார்ஜ் போடற லைட்டும் வருது. 1200 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரின்னு போட்டிருந்தா இந்த மாதிரி சரத்துக்கு எட்டு மணி நேரம், அதாவது ரெண்டு நாளுக்கு ஒருக்கா கழட்டி சார்ஜ். கழட்டணும்ங்கறத யோசிக்காம சரத்தோட பாக்ஸையும் சேத்து பரண் ஓரத்துல டேப் போட்டு ஒட்டிடறாங்க, அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி இறங்க யாருக்கு பொறுமை இருக்கு, பத்து நாள்ல அது அணைஞ்சே கிடக்கும். பாக்ஸ் மட்டும் கைக்கு எட்டற மாதிரி ஆணியில தொங்கட்டும்.

பவர் பேங்க்ல சொருகினா என்னன்னு மாமா ஒரு ஐடியா விட்டாரு. யுஎஸ்பி லைட்டு வாங்கி சொருகினா அழகா எரியுது, அரை நிமிஷம் கழிச்சு அணைஞ்சிடுது, திரும்ப பட்டன அமுக்கினா எரியுது, திரும்ப அணையுது. பவர் பேங்க் ரிப்பேர் இல்ல. அது போன் சார்ஜ் பண்றதுக்குன்னு செஞ்சது, இழுக்கற கரண்ட் ரொம்ப கம்மியா இருந்தா போன் ஃபுல் ஆயிடுச்சுன்னு நினைச்சு தானா ஆஃப் ஆயிடும். இந்த அளவு ஒவ்வொரு பவர் பேங்க்குக்கும் மாறும், சுமாரா 50-ல இருந்து 100 மில்லி ஆம்பியருக்கு கீழ போனா நிறைய பவர் பேங்க் கட் பண்ணிடும். சின்ன சரத்துக்குத்தான் இந்த தொல்லை. சில பவர் பேங்க்ல வாட்ச், ஹெட்செட்டுக்குன்னு லோ கரண்ட் மோட் இருக்கும், பட்டன ரெண்டு தடவ அமுக்கணும் இல்லனா அமுக்கி பிடிக்கணும், கூட வர்ற சீட்டுல இருக்கும். இல்லனா பெரிய சரமா போட்டுட்டா போச்சு.

இப்ப கரண்ட் லைட்டுக்கு வருவோம், இங்கதான் தப்பு பண்ணா உயிர்ல கை வைக்கும். கடைத்தெருவுல விக்கற சாதா சீரியல் செட்டுல டிரான்ஸ்பார்மர் எதுவும் கிடையாது, அந்த நூல் மாதிரி ஒயர்ல ஓடறது வீட்டு 230 வோல்ட்டேதான், பல்பு சின்னதா இருக்கறதால கரண்ட்டும் சின்னதுன்னு நினைக்கக் கூடாது. இத எக்ஸ்டென்ஷன் ஒயர்ல கோத்து, வாசப்படிய தாண்டறதுக்கு மிதியடிக்கு அடியில விட்டு, கதவு நிலைக்கும் கதவுக்கும் நடுவுல நசுக்கி கொண்டு போறதுதான் நம்ம வீடுகள்ல நடக்கறது. மிதிச்சு மிதிச்சு உள்ள கம்பி அறுந்து அந்த எடம் சூடாகும், மேல மிதியடி மூடியிருக்கறதால யாருக்கும் தெரியாது. தொட்டுப்பாத்து ஒரு எடம் மட்டும் கதகதன்னு இருந்தா அன்னிக்கே தூக்கி போட்டுடுங்க. பழைய வீட்டுல எலி வேற, பரண் மேல ஓடற ஒயர் ரெண்டு மாசத்துல தோல் உரிஞ்சு நிக்கும், அது இரும்பு பீரோ மேலயோ ஜன்னல் கம்பி மேலயோ பட்டா மொத்த பீரோவும் ஷாக் அடிக்கும். நீளம் அதிகம்னு சரத்த நடுவுல வெட்டி ஒட்டறதும் கூடாது, வெட்டினா பாக்கி இருக்கற பல்புங்க மேல அந்த வோல்ட்டெல்லாம் விழும், கொஞ்ச நாள்ல வரிசையா புகையும்.

அப்ப அந்த மாடத்துக்கு என்னதான் பண்ணினோம்னா, 230 வோல்ட்ட மூலைக்கு கொண்டு போகாம 5 வோல்ட்ட கொண்டு போனோம். டிவி பாயிண்ட்ல பழைய போன் சார்ஜர், அதுல இருந்து யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர், அது சுவத்துல மேல ஏறி வாசப்படி நிலைக்கு மேலயே போய் மாடத்துக்கு இறங்குது. பன்னெண்டு அடின்னு சொன்னேன்ல, ஏத்தம் இறக்கம் சேர்த்து பத்தொம்பது அடி ஆச்சு, ஆறு மீட்டர், ஒயர் வாங்கறதுக்கு முன்னாடி சணல் கயிறு வச்சு அந்த வழியிலயே அளந்துக்கோங்க, நேர் தூரத்த நம்பி வாங்கினா வாசப்படிக்கு மேல போய் நின்னுடும். ஓரமா வெள்ளை கேசிங் பட்டி, ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்புல நிக்குது, கல்லுல ஓட்டை போட வேண்டிய வேலையே இல்ல.

லைட்டு யுஎஸ்பிக்குன்னே வர்ற 5 வோல்ட் சரமா இருக்கணும். அக்கா வாங்கின செல் பாக்ஸ் சரத்த வெட்டி யுஎஸ்பி ஒயர்ல முறுக்கிடலாம்னு மாமா கட்டிங் பிளேயரோட வந்தாரு, வேணாம்னு தடுத்தேன், அதுல நிறைய சரத்துக்கு கரண்ட்ட அடக்கற ரெசிஸ்டர் சரியா இருக்காது, செல்லு தானா அடக்கி குடுக்கறத நம்பி செஞ்சிருப்பாங்க, சார்ஜர் அப்படி அடக்காது.

ஒயர் நீளமாக ஆக வோல்ட் குறையும். மெல்லிசு யுஎஸ்பி ஒயர் ஆறு மீட்டருக்கு இந்த 100 பல்பு சரம் போட்டா அரை வோல்ட் பக்கம் வழியிலயே போயிடும், லேசா மங்கும், மாடத்துக்கு அது பரவால்ல, பாக்கப்போனா அந்த மங்கல்தான் எனக்கு பிடிச்சிருக்கு. பத்து மீட்டர் தாண்டினா மெல்லிசு ஒயர் வேணாம், எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி நடுவுல 0.75 சைஸ் ரெண்டு கோர் ஒயர் போட்டு ரெண்டு முனையிலயும் யுஎஸ்பி வச்சுக்கோங்க, குறையறதே தெரியாது. பிளஸ் மைனஸ் மாறாம பாக்க சொல்லுங்க.

கரண்ட் பில்லு பத்தி அக்கா கேட்டாங்க, சார்ஜரோட சேர்த்து ஒன்றரை வாட்டுதான், தினம் நாலு மணி நேரம் மாசம் முழுக்க எரிஞ்சாலும் கால் யூனிட் ஆகாது. கரண்ட் போனா மட்டும் இது அணையும், அந்த பாயிண்ட் இன்வர்ட்டர் லைன்ல இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க, டிவி பாயிண்ட்ட நிறைய வீட்டுல இன்வர்ட்டர்ல சேர்த்திருக்க மாட்டாங்க.

கொலுவுக்கு மட்டும்னா இவ்ளோ மெனக்கெட வேணாம், அந்த செல் பாக்ஸ் சரமே போதும், ஒம்பது நாள் நாலு நாலு மணி நேரம்னா முப்பத்தாறு மணி, ஆல்கலைன் மூணு செட்டு, ஒம்பது செல்லு. பழைய செல்லோட புதுச கலந்து போடாதீங்க, பழசுதான் முதல்ல கசியும். முடிஞ்சதும் பொம்மைய பெட்டியில கட்டறதுக்கு முன்னாடி செல்ல வெளிய எடுத்துடுங்க, இல்லனா அடுத்த புரட்டாசிக்கு திறந்து பாத்தா ஸ்பிரிங்ல வெள்ளையா உப்பு மாதிரி பூத்திருக்கும். ஆல்கலைன் செல்லா இருந்து லேசா பூத்திருந்தா கையில படாம, பஞ்சுல எலுமிச்சை சாறு தொட்டு துடைச்சு, ஈரத்துணியில இன்னொரு தடவ துடைச்சு, நல்லா காய விட்டு புது செல் போடுங்க. ஸ்பிரிங்கே பச்சையா அரிச்சு உடையற மாதிரி இருந்தா அந்த பாக்ஸ் அவ்ளோதான்.