கார் மேம்பாலத்தில், நான் ஷேர் ஆட்டோவில்: மழைக்கால மீம் ஒன்றைச் செய்து பார்ப்போம்

சென்னையில் அக்டோபர் பிறந்தால் எங்கள் மீம் பக்கத்துக்கு "மழை பெய்தால் ரோடே ஆறு" என்று நாலு பேராவது எழுதி அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் சிரிப்பு வராது. எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி அது.

முதல் வேலை, ஊருக்கே உரிய ஒரு காட்சியைப் பிடிப்பது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. 2015 வெள்ளத்தில் பட்டவர்கள் முன்கூட்டியே காரை மேடேற்றிவிட்டார்கள். இதை எடுத்துக்கொள்வோம்.

அடுத்து, காட்சிக்குள் ஓர் ஆளை நிறுத்துங்கள். "மேம்பாலமா, பார்க்கிங்கா?" என்பது எல்லோருக்கும் உடனே தோன்றும் வரி, அதைத் தாண்டி யோசியுங்கள். மறுநாள் காலை அந்தக் கார்க்காரர் அலுவலகம் போக வேண்டும். கார் பாலத்தில் இருக்கிறது, வீடு தண்ணீருக்கு அந்தப் பக்கம். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கையில் செருப்போடு என்ன செய்வார்?

இப்போது எழுதுங்கள். என் முதல் வரைவு இது:

"மழைக்குப் பயந்து காரை மேம்பாலத்தில் நிறுத்தியதால், காலையில் காரை எடுக்கவே ஷேர் ஆட்டோவில் போக வேண்டியதாகிவிட்டது."

சிரிப்பு 'ஷேர் ஆட்டோ'வில் இருக்கிறது. அதற்குப் பின்னாலும் வாக்கியம் இழுத்துக்கொண்டு போகிறது. திருத்தினேன்:

"கார் பத்திரமாக மேம்பாலத்தில் இருக்கிறது.
காரை எடுக்கப் போகிறேன், ஷேர் ஆட்டோவில்."

முதல் வரியில் பெருமை, இரண்டாவதின் கடைசிச் சொல்லில் சறுக்கல். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம், சிரிப்பு எமோஜியும் வேண்டாம்.

படம் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350 பிக்சல் என்ற நெட்டை அளவு வசதி. மழைநாள் படம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கும்; வெள்ளை எழுத்து அதில் கரைந்துவிடும். எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு கொடுங்கள். போனை ஒரு கை தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் எழுத்து சிறிது. வண்டி எண்களை மறைத்துவிடுங்கள்.

ஒரு முறை நான் முந்தைய ஆண்டு எடுத்த சுரங்கப்பாதைப் படத்தைப் போட்டுவிட்டேன். அன்று அங்கே சொட்டுத் தண்ணீர் இல்லை. படத்தை நம்பி ஊரைச் சுற்றிப் போனவர்கள் கமென்டில் என்னை வறுத்தெடுத்தார்கள். பழைய படம் என்றால் ஆண்டைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். கீழே குறிப்பில் போட்டால், படம் மட்டும் வாட்ஸ்அப்பில் தனியே கிளம்பிவிடும்.

வெளியிட ஏற்ற நேரம், ஆட்கள் பஸ்ஸுக்காக நிற்கும் காலை எட்டரை. ஆனால் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, படகு வந்துவிட்ட நாளில் இந்த மீம் வேண்டாம். ஷேர் ஆட்டோ ஓடுகிற அளவு மழைக்குத்தான் இந்த நகைச்சுவை தாங்கும்.