ஆகஸ்டில் வந்து இறங்கி, செப்டம்பரில் கேரியர் ஃபேர்: முப்பது வினாடிக்குள் என்ன சொல்வது?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வருபவர்கள் பெரும்பாலும் ஆகஸ்டில் வந்து இறங்குகிறார்கள். மெத்தை வாங்கி, ரைஸ் குக்கர் வாங்கி, பஸ் ரூட் பிடிபடுவதற்குள் செப்டம்பர் வந்துவிடும். பல கல்லூரிகளில் அந்த மாதமே கம்பெனிகள் ஆள் தேடி வரும் கேரியர் ஃபேர். பெரிய அரங்கு ஒன்றில் வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் கம்பெனி டி-ஷர்ட் போட்ட இரண்டு பேர், முன்னால் இருபது பேர் க்யூ. அரை மணி நேரம் நின்று மேசையை அடைந்தால், பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதில் முதல் முப்பது வினாடி உங்களுடையது.

அந்த முப்பது வினாடிக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒன்று தயாராக இருக்கிறது, அதுதான் சிக்கல். ஊரில் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்கில் மனப்பாடம் செய்த "செல்ஃப் இன்ட்ரோ". மைசெல்ஃப் இன்னார் என்று தொடங்கி, சொந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் எத்தனை சதவீதம், அரியர் இல்லை, ஹாபி, கடைசியில் "கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன்". இங்கே ரெக்ரூட்டருக்கு இதில் ஒன்றுகூடப் பயன்படாது. குடும்ப விவரம் சொன்னால் அவருக்கே சங்கடம், வேலைக்கு ஆள் எடுப்பவர் அதையெல்லாம் கேட்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துத்தான் அவரை அனுப்பியிருப்பார்கள். 2022-இல் "பாஸ்ட் அவுட்" என்றால் மயங்கி விழுந்ததாகத்தான் அர்த்தம். "கிராஜுவேட்டட்" என்று சொல்லுங்கள். சார், மேடமும் வேண்டாம். சட்டையில் ஒட்டியிருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். முதல் வாரம் கூச்சமாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். மெக்கானிக்கல் படித்து, ஓசூரில் பிரேக் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் எம்.எஸ். சேர வந்தவர். ஃபேருக்கு முந்தின ஞாயிறு என் சமையலறையில் நின்று அறிமுகத்தைச் சொல்லிக் காட்டினார். போனில் நேரம் பார்த்தேன்: ஒரு நிமிடம் இருபது வினாடி. அதில் ஓசூர் வந்தது ஒரே ஒரு வாக்கியம், "இரண்டு வருட அனுபவம் உண்டு" என்று. பைதான், மினிடேப், ஆட்டோகேட், சிக்ஸ் சிக்மா எல்லாம் ஒரே மூச்சில் வந்தன.

"அங்கே என்னதான் தம்பி செய்தீர்கள்?" என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வார்ப்பில் வந்த பாகங்களில் நூற்றுக்கு ஆறு கழிவாகிக்கொண்டிருந்தன. ஷிஃப்ட் மாறும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் கழிவு அதிகம் என்று இவர் மூன்று வாரம் நோட்டில் குறித்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஷிஃப்ட் மாறும்போது அளவுக்கருவியைச் சரிபார்க்க யாருமே இல்லை. அதை ஒருவர் பொறுப்பில் விட்டதும் ஆறு இரண்டாகிவிட்டது. இதை விட்டுவிட்டு சாஃப்ட்வேர் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார் மனிதர்!

திருத்திய பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "வணக்கம், என் பெயர் இது. இங்கே இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எம்.எஸ். முதல் செமஸ்டர். அதற்கு முன் இந்தியாவில் பிரேக் பாகத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் தரப்பிரிவில் இருந்தேன். கழிவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் கூடுகிறது என்று கண்டுபிடித்து, நூற்றுக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தோம். வரும் கோடையில் தரப்பிரிவில் இன்டர்ன்ஷிப் தேடுகிறேன். உங்கள் ஆலையில் இன்டர்ன்களை உற்பத்தி லைனிலேயே விடுவீர்களா?" அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுபது வார்த்தைக்குள் நிறுத்துங்கள். நிதானமாகப் பேசினால் அதுதான் முப்பது வினாடி. எழுதி எண்ணிப் பார்த்தால் நூற்றிருபது வந்தால், வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வெட்டுங்கள்.

நம்முடைய வேகம் தனிப் பிரச்சினை. பதற்றத்தில் தமிழ் பேசும் வேகத்திலேயே ஆங்கிலமும் வரும், அரங்கில் இரைச்சல் வேறு. மூன்று இடத்தில் நிறுத்தினால் போதும்: பெயருக்குப் பின், படிப்புக்குப் பின், அந்த எண்ணுக்குப் பின். செந்தில்குமார் என்றால் "செந்தில்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள், ரெஸ்யூமேயிலும் அதே பெயர் மேலே பெரிதாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து, இன்னொரு கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு விசாவில், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கமாக `FNU` என்று விழுந்திருக்கும், கல்லூரிக் கணக்கிலும் அதுவே வரலாம். பெயர் அட்டை அச்சாகும் முன் கல்லூரி இணையக் கணக்கில் "விரும்பும் பெயர்" பகுதி இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்களை எஃப்னு என்று கூப்பிடுவார்கள். நடக்கிறது.

விசாவை முப்பது வினாடிக்குள் கொண்டுவர வேண்டாம். கேட்டால் ஒளிக்கவும் வேண்டாம், ஒரு வரியில் பதில் வைத்திருங்கள். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகுதான், படிக்கும்போதே வேலை பார்க்கத் தரும் அனுமதியான சிபிடி வாங்கி இன்டர்ன்ஷிப் போக முடியும். ஆகஸ்டில் வந்தவருக்கு அது அடுத்த மே மாதக் கடைசியில் சரியாகப் பொருந்தும். சிபிடியைக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகமே தருகிறது, கம்பெனி மனுப் போட வேண்டியதில்லை. படிப்பு முடிந்தால் வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சேர்ந்த ஸ்டெம் படிப்பென்றால் இன்னும் 24 மாதம். ராணுவத் தளவாடம் செய்யும் கம்பெனிகளில் பல வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமையே கேட்பார்கள். அதை முந்தின நாள் ஃபேருக்கு வரும் கம்பெனிகளின் பட்டியலில் பார்த்துவிட்டால் அரை மணி நேர க்யூ மிச்சம்.

வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்தாலும் எல்லாம் நின்றுவிடும். அந்தத் தம்பி உள்ளங்கை அளவுச் சீட்டில் நான்கு சொல் மட்டும் எழுதி வைத்துக்கொண்டார்: எம்.எஸ்., பிரேக், ஆறு-இரண்டு, கோடை. தமிழ் தெரியாத ரூம்மேட்டிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து "நான் என்ன செய்தவன்?" என்று கேட்டார். "ஏதோ கார் பார்ட்ஸ்" என்று பதில் வந்ததால் எண்ணைச் சொல்லும் இடத்தை இன்னும் மெதுவாக்கினார்.

அறிமுகம் எடுபட்டதா என்பது ரெக்ரூட்டரின் முதல் கேள்வியில் தெரிந்துவிடும். "சரி, எந்த மாதிரி வேலை தேடுகிறீர்கள்?" என்று கேட்டால் கடைசிப் பகுதி அவர் காதில் விழவில்லை. "சாரி, உங்கள் பெயர்?" என்றால் தொடக்கத்திலேயே ஓடிவிட்டீர்கள். அதனால் ரொம்ப ஆசைப்படும் கம்பெனிக்கு முதலில் போகாதீர்கள், இரண்டு மூன்று மேசையில் பேசி நாக்கைப் பழக்கிவிட்டுப் போங்கள். ஓசூர்த் தம்பி மூன்றாவது மேசையில் பேசி முடித்தபோது, டி-ஷர்ட் போட்ட இன்ஜினியர் ரெஸ்யூமேயைக் கீழே வைத்துவிட்டு, "ஷிஃப்ட் மாறும் நேரம்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சு எட்டு நிமிடம் போனதாம், பின்னால் க்யூவில் நின்றவர்கள் முறைத்தார்களாம்.