ஷேடோயிங் செய்கிறீர்களா? சொல்லைப் பிடித்துத் தாளத்தை விட்டுவிடும் தவறுகள்

ஒருவர் பேசும் ஒலிப்பதிவை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தாமல், அவருக்கு அரை நொடி பின்னாலேயே நாமும் வாய்விட்டுப் பேசிக்கொண்டு போவதுதான் ஷேடோயிங். நிழல்போல ஒட்டிக்கொண்டே போவதால் அந்தப் பெயர். மேடைப் பேச்சை அப்போதைக்கப்போதே மொழிபெயர்க்கிறவர்களின் பயிற்சியிலும் இது உண்டு.

ஆங்கிலப் பேச்சைச் சரிசெய்ய நான் நான்கு மாதம் தினமும் அரை மணி நேரம் இதைச் செய்தேன். இரண்டு காதிலும் ஹெட்போன், கையில் எழுத்துவடிவம். ஒரு சொல்கூட விடாமல் சொல்ல வந்துவிட்டது. பிறகு ஒருநாள் இன்னொரு போனில் என் குரலை மட்டும் பதிவு செய்து கேட்டேன். சொற்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் எல்லா அசையும் ஒரே நீளம், ஒரே கனம். பதிவில் இருந்தவர் பேசிய ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கம் எதுவுமே என் குரலில் இல்லை.

இது எனக்கு மட்டும் நடப்பதல்ல. 1953இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர், மனிதரின் கவனம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதற்காக ஒரு சோதனை செய்தார். இரண்டு காதுக்கும் இரண்டு வேறு பேச்சுகளைக் கொடுத்து, ஒன்றை மட்டும் கூடவே சொல்லிக்கொண்டு வரச் சொன்னார். சொற்களை அவர்கள் சரியாகவே சொன்னார்கள். குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே தொனியில் இருந்தது. அதாவது சொல்லைப் பிடிப்பது ஒரு வேலை, தாளத்தைப் பிடிப்பது வேறு வேலை. முதல் வேலையிலேயே மூளை முழுக்க மூழ்கினால் இரண்டாவது நடக்காது. பெரும்பாலான தவறுகளின் வேர் இதுதான்.

முதலில் அந்த ஹெட்போன். இரண்டு காதும் அடைத்து, ஒலியும் கூட்டி வைத்திருந்தால் நமக்குக் கேட்பது பேச்சாளரின் குரல்தான். அதை நம் குரலென்று நினைத்து, நன்றாக வருகிறது என்று நம்பிவிடுகிறோம். ஒரு காதை மட்டும் மூடுங்கள், அல்லது ஒலியை நம் குரல் தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் குறையுங்கள். வாரம் இருமுறையாவது குரலைத் தனியே பதிவு செய்து, மூலத்தின் ஒரு வாக்கியம், நம்முடைய ஒரு வாக்கியம் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் அப்போதுதான் பிடிபடும்.

அடுத்தது, எழுத்தை முதலிலேயே பார்ப்பது. நம் ஆட்களுக்கு இது பெரிய இடறல் என்பேன். தமிழில் பெரும்பாலும் எழுதியிருப்பதைப் படித்தாலே ஒலி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஆங்கில எழுத்துக்கும் முழு மதிப்புக் கொடுத்துவிடுகிறோம். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "ஐ வாஸ் கோயிங் டு டெல் யூ அபௌட் இட்." பத்து அசை. நாம் படித்தால் பத்தும் கிட்டத்தட்ட சம கனத்தில் வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் சாதாரணமாகச் சொன்னால் "கோ", "டெல்" இரண்டும்தான் ஓங்கி நிற்கும். "பௌ" கொஞ்சம் எழும். மற்றவை எல்லாம் அந்த மேடுகளுக்கு நடுவே சுருங்கிவிடும். "வாஸ்" என்பதில் நெடில் இருக்காது, "வஸ்" என்று உரசிக்கொண்டு போகும். "அபௌட் இட்" என்பது "அபௌடிட்" என்று ஒட்டிவிடும்.

இந்தச் சுருக்கம் நமக்குப் புதிதே அல்ல. "பாட்டு" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவிவதில்லை. ஒரு மாத்திரை அரை மாத்திரையாகக் குறைகிறது. பள்ளியில் படித்த குற்றியலுகரம். மேலே உள்ள வாக்கியத்தில் வரும் "டு" ஏறக்குறைய அந்தக் கடைசி ஒலியின் கனத்தில்தான் இருக்க வேண்டும். "டூ" என்று உதட்டைக் குவித்தால் தாளம் அங்கேயே உடைந்துவிடும். "அபௌடிட்" என்ற ஒட்டுதலும் "வந்து இருக்கிறேன்" என்பது "வந்திருக்கேன்" ஆவதைப் போன்றதுதான். சொந்த மொழியில் யோசிக்காமல் செய்வதை ஆங்கிலத்தில் எழுத்து கண்ணில் பட்டதும் செய்ய மறந்துவிடுகிறோம்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். இருபது, முப்பது நொடிப் பகுதி ஒன்றை எழுத்தில்லாமல் நாலைந்து முறை வெறுமனே கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று அதன் ராகத்தை மட்டும் முனகிக்கொண்டே கூடப் போங்கள். எங்கே ஓங்குகிறது, எங்கே இறங்குகிறது என்பது உடம்பில் ஏறிய பின் சொற்களைச் சேருங்கள். சில சொற்கள் மழுங்கிப் போனால் போகட்டும், ஓங்கும் இடங்கள் தவறக் கூடாது. அதற்குப் பிறகுதான் எழுத்தைப் பார்க்க வேண்டும், காதில் விழாத சொல் எது என்று தெரிந்துகொள்ள. பார்த்ததும் மூடிவிடுங்கள்.

வேகம் எட்டவில்லை என்றால் உடனே பிளேயரில் வேகத்தைப் பாதியாகக் குறைப்பது இன்னொரு தவறு. முக்கால் வேகம் பரவாயில்லை. பாதி வேகத்தில் அந்தக் குறுகிய ஒலிகளும் சேர்ந்து நீண்டுவிடும். நாம் எதைக் கற்க வந்தோமோ அதுவே கலைந்துவிடும். அதற்குப் பதிலாக வாக்கியத்தைக் கடைசியிலிருந்து கட்டுங்கள்: முதலில் "அபௌடிட்", அப்புறம் "டெல் யூ அபௌடிட்", அப்புறம் "கோயிங் டு டெல் யூ அபௌடிட்". ஒவ்வொரு துண்டும் அசல் வேகத்திலேயே இருக்க வேண்டும். முடிவு ஏற்கெனவே வாயில் பழகியிருப்பதால் வாக்கியத்தின் நடுவே தடுக்காது. இதிலும் முடியவில்லை என்றால் அந்தப் பகுதி இப்போதைக்குக் கடினம். இயல்பாகவே நிதானமாகப் பேசும் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலும் சறுக்குகிறோம். பலரும் செய்தி வாசிப்பை எடுக்கிறார்கள், உச்சரிப்பு தெளிவாக இருக்கும் என்று. ஆனால் செய்தி வாசிப்பின் தாளம் வேறு, நாலு பேரோடு பேசும் தாளம் வேறு. அதை நகலெடுத்தால் அலுவலகக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது போலவே ஒலிக்கும். பின்னணி இசை இல்லாமல், ஒருவர் மட்டும், எழுதி வைத்துப் படிக்காமல் பேசும் பதிவுதான் நல்லது. அவர் குரலின் உயரம் நம் குரலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றச் சுலபம். தினமும் புதுப் பதிவுக்குத் தாவாமல், ஒரே முப்பது நொடியில் ஒரு வாரம் இருங்கள்.

கடைசியாக, நிழலோடு நிறுத்திவிடுவது. வாக்கியத்தை உருவாக்கும் வேலை இந்தப் பயிற்சியில் நமக்கு இல்லை. அதைப் பேச்சாளரே செய்துவிடுகிறார். அதனால்தான் பதிவோடு சரளமாக வருகிறவர்கள்கூட உரையாடலில் பழைய தாளத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். பதிவை அணைத்துவிட்டு அதே தாளத்தில் சொற்களை மாற்றிச் சொல்லுங்கள்: "ஐ வாஸ் கோயிங் டு ஆஸ்க் யூ அபௌட் இட்." அப்புறம், "ஷி வாஸ் கோயிங் டு ஷோ மீ த ஹவுஸ்." இங்கே "கோ", "ஷோ", "ஹவுஸ்" ஓங்க வேண்டும், "டு", "மீ", "த" அடங்க வேண்டும். மறுநாள் காலை, மூலத்தைக் கேட்பதற்கு முன்பாகவே, இப்படி நாமாக அமைத்த ஐந்து வாக்கியங்களைப் பதிவு செய்து கேளுங்கள். "டு" மறுபடியும் "டூ" ஆகியிருந்தால் அந்த முப்பது நொடிப் பகுதியை இன்னும் மாற்ற வேண்டாம்.