கரண்ட் பில் மகன் பேரில், வீடு யார் பேரில்? வாங்குமுன் பார்க்கும் முறை

வீடு விற்க வருபவர் ஒரு கோப்பை நீட்டுகிறார். பத்து வருட கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாவற்றிலும் அவர் பெயரும் அதே கதவு எண்ணும்தான். ஆனால் கிரையப் பத்திரம் மட்டும் காலமான அப்பா பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அட்வான்ஸ் கொடுத்து ஏமாறுகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில், அந்தக் காகிதங்கள் எதற்காகக் கொடுக்கப்பட்டவை என்று பாருங்கள்

மின் இணைப்பு கேட்க வீட்டின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்பு தரச் சொல்கிறது. ஆகவே பில்லில் உள்ள பெயர், மின்வாரியத்தின் கணக்கில் வாடிக்கையாளர் யார் என்று மட்டுமே சொல்லும். ரேஷன் கார்டு, ஒரு குடும்பம் எந்த முகவரியில் வசிக்கிறது, யார் யார் உறுப்பினர் என்று சொல்லும். வாடகை வீட்டு முகவரியிலும் அது கிடைக்கும். ஆதாரும் அப்படித்தான்.

வீட்டு வரி ரசீதுதான் பலரை நம்ப வைப்பது. உள்ளாட்சிக்கு வரி வசூலாக வேண்டும், அதற்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். பெயர் மாற்றத்தால் மட்டும் சொத்துரிமை கைமாறாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட வீடோ மனையோ கிரையத்தில் கைமாற, பதிவு செய்த பத்திரம் வேண்டும்.

இரண்டாவது, பத்திரத்தில் உள்ள பெயரிலிருந்து பங்கைக் கணக்கிடுங்கள்

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. இந்துக் குடும்பம். உயில் எழுதவில்லை. அவருடைய தாயார் முன்பே காலமாகிவிட்டார். இருப்பவர்கள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சமபங்கு, ஆளுக்குக் கால் பங்கு.

கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் இதே பங்குதான். மகன் அங்கேயே இருந்து எல்லா பில்லையும் கட்டியதால் அவர் பங்கு அதிகமாகிவிடாது. தனக்கு இல்லாததை அவரால் விற்க முடியாது. முழு விலை கொடுத்து அவரிடம் மட்டும் கிரையம் வாங்கினால் உங்களுக்கு வந்து சேர்வது கால் பங்கு. பின்னால் சகோதரிகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அந்த கரண்ட் பில் கட்டு உங்களைக் காப்பாற்றாது. "பத்திரம் பதிவாகிவிட்டதே" என்பதும் உதவாது. சார்பதிவாளர் விற்பவரின் உரிமையை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர் அல்ல.

மூன்றாவது, வில்லங்கச் சான்று

tnreginet.gov.in தளத்தில் மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்துத் தேடலாம். கதவு எண்ணை நம்பித் தேடாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். உட்பிரிவுக்கு முந்தைய பழைய சர்வே எண்ணிலும் ஒருமுறை தேட வேண்டும். இல்லாவிட்டால் பழைய அடமானமோ தானமோ கண்ணில் படாமல் போகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். மரணமும் வாரிசுரிமையும் அதில் ஏறாது. அப்பா வாங்கியதோடு பதிவு நின்றிருந்தால் சான்று சுத்தமாகத் தெரியும், ஆனால் மூன்று பங்குதாரர்கள் அதற்குப் பின்னால் இருப்பார்கள்.

நான்காவது, வாரிசுகளை மேஜைக்கு அழையுங்கள்

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் நான்கு பெயர் இருந்தால் வழி இரண்டு. நால்வரும் கிரையப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போடலாம். அல்லது மற்ற மூவரும் முதலில் மகனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கலாம், பிறகு அவர் தனியாக விற்கலாம். வெள்ளைத்தாளில் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்குவது மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்குப் போதலாம். பங்கை விட்டுக்கொடுக்க அது போதாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. வாரிசுகளில் யாராவது 18 வயதுக்குக் கீழே இருந்தால் வக்கீல் இல்லாமல் ஒரு அடிகூட நகராதீர்கள்.

கடைசியாக eservices.tn.gov.in தளத்தில் பட்டாவை எடுத்து, சர்வே எண்ணும் பரப்பளவும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை நேரில் நின்று சரிபாருங்கள்.

கரண்ட் பில்லுக்கும் ஒரு இடம் உண்டு. கிரையப் பத்திரத்தில் சொத்து விவரத்தின் கடைசி வரிகளைப் படித்தால், மின் இணைப்பு எண்ணும் அதற்கான டெபாசிட்டும் வீட்டோடு சேர்த்து எழுதப்பட்டிருப்பதைப் பல பத்திரங்களில் காணலாம். வீடு கைமாறும்போது கூடவே போகும் பொருள் அது. பாக்கி இல்லை என்று பார்க்க அந்தப் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பத்திரம் பதிவான பிறகு, அதன் நகலைக் கொடுத்து இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.