பாதியில் நின்ற பத்தியைத் தொடர்ந்து எழுதுவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறை, தன் நினைவுகளைப் பள்ளி நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறது. ஆண்டு மலருக்கோ கோயில் மலருக்கோ அவற்றைத் தொகுக்கும்போது பாதியில் நின்றுபோன பத்திகள் கையில் கிடைக்கும். எழுதியவர் இப்போது இல்லை, அல்லது தொடர்ந்து எழுதும் நிலையில் இல்லை. குடும்பத்தார் சம்மதத்தோடு அதை நாம் முடித்துக் கொடுக்க வேண்டும். இது நம் எழுத்தைக் காட்டும் இடம் அன்று. படிப்பவர், கை மாறிய இடத்தைக் கண்டுபிடிக்கக் கூடாது.

பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு பத்தி இது. கடைசிச் சொல்லோடு நின்றுவிடுகிறது.

"பெரட்டு மணி அடிக்கும்போது இருட்டாகவே இருக்கும். அம்மா வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் போவாள். நான் பின்னால் போவேன். புல்லில் பனி கிடக்கும், கால் நனையும். களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்போம், கங்காணி விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேர் வந்ததும் அம்மா குரல் கொடுப்பாள். அன்றைக்கு அம்மா பேர் வரவில்லை. அம்மா"

முதல் படி: வினைமுற்றுகளுக்கு அடிக்கோடு போடுங்கள்

பேனாவை எடுத்து, வாக்கியங்களை முடிக்கும் வினைகளை மட்டும் குறியுங்கள். இருக்கும், போவாள், போவேன், கிடக்கும், நனையும், நிற்போம், கூப்பிடுவார், கொடுப்பாள். எல்லாமே எதிர்கால வடிவம். ஆனால் இங்கே யாரும் நாளைக்குப் பெரட்டுக்குப் போகப் போவதில்லை. அந்தக் காலத்தில் தினமும் நடந்ததைச் சொல்லத் தமிழில் இந்த வடிவம்தான் வரும். தோட்ட நினைவுகளில் பாதி இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்.

இப்போது "அன்றைக்கு அம்மா பேர் வரவில்லை" என்ற வாக்கியத்துக்கு வாருங்கள். பத்தியின் திருப்பம் இதுதான். தினமும் நடந்தது நின்று, ஒரே ஒரு நாள் நடந்தது தொடங்குகிறது. "வரவில்லை" என்ற எதிர்மறை வடிவத்தில் காலம் வெளிப்படையாகத் தெரியாது. இறந்தகாலம், நிகழ்காலம் இரண்டுக்கும் அது பொருந்தும். காலத்தைச் சொல்வது "அன்றைக்கு" என்ற சொல். புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. மேலே உள்ள எட்டு வினைகளைப் பார்த்துவிட்டு "அம்மா நிற்பாள்" என்று தொடர்கிறார்கள். அப்படி எழுதினால், பேர் வராததும் தினமும் நடந்த சங்கதி ஆகிவிடும். இங்கே வேண்டியது "நின்றாள்", "பார்த்தாள்" போன்ற இறந்தகாலம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. திருப்பத்துக்குப் பிறகு "மணி ஆறு இருக்கும்" என்று எழுதினால், படிப்பவர் அதை ஊகமாக எடுத்துக்கொள்வார். "சுமார் ஆறு மணி" என்ற பொருள் வந்துவிடும். பழைய வழக்கத்துக்குத் திரும்ப வேண்டுமானால் "மற்ற நாளில்", "எப்போதும்" என்று ஏதாவது ஒரு சொல்லை முன்னால் வைத்துத்தான் திரும்ப வேண்டும்.

இரண்டாம் படி: வாக்கியங்களை அளந்து பாருங்கள்

சொற்களை எண்ணினால் 5, 5, 3, 5, 11, 5, 4 என்று வருகிறது. குட்டி வாக்கியங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் நீளம். அந்த நீள வாக்கியம் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். ஆள்கள் கூடி நின்று பேர் கூப்பிடும் இடத்தில். ஒருவர் மட்டும் நடக்கும்போது வாக்கியம் குறுகியிருக்கிறது, கூட்டம் வந்தால் நீள்கிறது. எல்லாப் பத்தியிலும் இவ்வளவு தெளிவாகக் காரணம் கிடைக்காது. கிடைத்தால் விடாதீர்கள்.

எண்ணிக்கையோடு நிற்காமல் வாய்விட்டும் படியுங்கள். "பனி கிடக்கும், கால் நனையும்" என்ற இடத்தில் "அதனால்" என்ற சொல் இல்லை. காரணத்தையும் விளைவையும் ஒட்டி வைத்துவிட்டு எழுதியவர் நகர்ந்துவிடுகிறார். "எனவே", "ஆகையால்", "இருப்பினும்" எதுவும் பத்தியில் இல்லை. நாமும் சேர்க்கக் கூடாது.

மூன்றாம் படி: எந்தச் சொல் இருக்கிறது, எந்தச் சொல் இல்லை

இருப்பவை: பெரட்டு, களம், கங்காணி, வாளி, பேர். "பெயர்" என்று இல்லை, "பேர்" என்றுதான் இருக்கிறது. கங்காணியை "மேற்பார்வையாளர்" என்று மாற்றினால் அவர் வேறு ஆளாகிவிடுவார். புதிய சொல் தேவைப்பட்டால் அதே தோட்டத்திலிருந்து எடுங்கள்: நிரை, மங்கு, ஒட்டுப்பால், கிராணி, லயம். பணம் வந்தால் "வெள்ளி" என்றே எழுதுங்கள். ரிங்கிட் என்பது அதிகாரப்பூர்வப் பெயரானது 1975இல். இன்றும் நம் வாயில் வெள்ளிதான் வருகிறது.

இல்லாதவற்றையும் பட்டியல் போடுங்கள். இந்தப் பத்தியில் ஓர் உணர்ச்சிச் சொல்கூட இல்லை. பயம், சோகம், பாசம் எதுவும் பேர் சொல்லி வரவில்லை. அம்மாவின் பின்னால் போகும் பிள்ளை கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் காலில் பட்டதும் மட்டுமே இருக்கின்றன. அம்மாவின் மனத்துக்குள் அந்தப் பிள்ளை நுழைவதில்லை.

நான்காம் படி: எழுதிப் பாருங்கள்

முதலில், இசையாத ஒரு தொடர்ச்சி:

"அம்மா அதிர்ச்சியில் உறைந்துபோய், கண்கள் கலங்க, தன் வாழ்வாதாரமே பறிபோய்விட்டதோ என்ற பெருந்துயரத்துடன் மேற்பார்வையாளரை ஏறிட்டு நோக்குகிறாள். எல்லோரும் வேலைக்குப் போவார்கள்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் "நோக்குகிறாள்" நிகழ்காலத்துக்குத் தாவுகிறது, "போவார்கள்" மறுபடி வழக்கத்துக்கு ஓடுகிறது. ஓர் ஆள் ஒருவரைப் பார்ப்பதற்கு 13 சொற்கள் செலவாகியிருக்கின்றன. "வாழ்வாதாரம்" செய்தித்தாளிலிருந்து வந்த சொல். பிள்ளைக்குத் தெரிய முடியாத அம்மாவின் மனமும் உள்ளே வந்துவிட்டது.

இனி இசைந்தது. நின்றுபோன "அம்மா" என்ற சொல்லை எழுவாயாக வைத்துக்கொள்ளலாம். "அம்மா பேர்" என்று முன்பு வந்ததுபோல "அம்மா கையில் வாளி ஆடியது" என்றும் கொண்டுபோகலாம். நான் முதல் வழியை எடுத்தேன்.

"அம்மா கங்காணியைப் பார்த்தாள். அவர் நோட்டை மூடி விளக்கைக் கீழே இறக்கினார். எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போனார்கள், நாங்கள் மட்டும் களத்திலேயே நின்றோம். காலில் பனி காய்ந்திருந்தது."

அளவு 3, 6, 9, 3. கூட்டம் வந்த வாக்கியம்தான் இங்கேயும் நீளம். அதிலும் நடுவில் ஒரு காற்புள்ளி, இணைப்புச் சொல் இல்லை. விளக்கு, வாளி, பனி மூன்றும் மேலே இருந்தவையே. "நோட்டு", "நிரை" இரண்டு மட்டும் புதிது. கங்காணி கையில் இருந்தது செக்ரோல் என்றாலும் பிள்ளைக்கு அது நோட்டுதான். எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று நான் எழுதவில்லை. பனி காய்ந்தது அதைச் சொல்லிவிடுகிறது.

கண்ணாடி பார்த்து வரைந்ததுபோல மூலத்தின் அளவை அப்படியே 5, 5, 3, 5 என்று திருப்பி எழுதவும் வேண்டாம். அப்படி எழுதினால் நடை செயற்கையாகத் தட்டும், காதுக்கு உடனே தெரிந்துவிடும். மூலத்தில் இருந்த பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒட்டு தெரிகிறதா?

முழுப் பத்தியையும் ஒரே கையெழுத்தில் அல்லது ஒரே எழுத்துருவில் புதிதாகப் படியெடுங்கள். தோட்டத்தில் வளர்ந்த ஒருவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் வேறு ஆள் எழுதியதுபோல இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். அவர் விரல் வைக்கும் இடம் பெரும்பாலும் முதல் வாக்கியமாக இருக்காது, அங்கே எல்லோரும் கவனமாகத்தான் இருப்போம். மூன்றாவது, நான்காவது வாக்கியத்தில் கவனம் தளர்ந்து நம் சொந்த நடை தலைகாட்டும். அந்த வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டு, பத்தியை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தபடியே வந்து, நிற்காமல் அந்த இடத்தை மறுபடி எழுதுங்கள்.