வரிசைப்படுத்தாமல் எடுத்த இடைநிலை அளவு: ஒர்க்‌ஷீட் திருத்துவது எப்படி?

சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றும் கேட்கும் ஒர்க்‌ஷீட்டில் முதலாவதும் மூன்றாவதும் சரியாக இருந்து, நடுவில் உள்ளது மட்டும் தப்பாக இருந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எண்களைக் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு நடுவில் நிற்பதை எடுத்திருப்பார்கள். கூட்டி வகுப்பதற்கும், அதிகம் வந்த எண்ணைத் தேடுவதற்கும் வரிசை தேவையில்லை. இடைநிலைக்குத்தான் அது வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்:

12, 5, 9, 18, 7, 9, 10

மாணவர் எழுதியது: சராசரி 10, இடைநிலை அளவு 18, முகடு 9.

படி 1. சராசரியையும் முகட்டையும் முதலில் முடித்துவிடுங்கள். கூட்டினால் 70, ஏழால் வகுத்தால் 10. இருமுறை வந்திருப்பது 9 மட்டுமே. இரண்டும் சரி.

படி 2. இடைநிலைக்கு உடனே வரிசைப்படுத்த உட்கார வேண்டாம். மாணவரின் விடையைவிடச் சிறிய எண்கள் எத்தனை, பெரியவை எத்தனை என்று எண்ணுங்கள். எந்தப் பக்கமும் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே 18-ஐவிடச் சிறியவை ஆறு. பெரியது ஒன்றுகூட இல்லை. இருப்பதிலேயே பெரிய எண் எப்படி நடு எண்ணாகும்? கொடுத்த வரிசையில் நான்காவதாக நின்றது, அவ்வளவுதான்.

படி 3. இப்போது ஏறுவரிசை: 5, 7, 9, 9, 10, 12, 18. நான்காவது எண் 9. அதைவிடச் சிறியவை இரண்டு, பெரியவை மூன்று. ஏழில் பாதி மூன்றரை என்பதால் பொருந்துகிறது.

எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. 14, 6, 11, 3, 9, 20, 11, 6 என்ற எட்டில், வரிசைப்படுத்தாதவர் நடுவில் நிற்கும் 3, 9 இரண்டின் சராசரியாக 6 என்று எழுதுவார். அதைவிடப் பெரியவை ஐந்து, ஆகவே மாட்டிக்கொள்வார். ஆனால் வரிசைப்படுத்திவிட்டு, நடுவில் வரும் 9, 11 இரண்டில் வெறும் 9-ஐ எழுதியவர் தப்பித்துவிடுவார். சரியான விடை 10. (இதில் முகடு இரண்டு: 6, 11. ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் அதையும் குறியுங்கள்.)

படி 4. விடை சரியாக இருந்தாலும் செய்முறையைப் பாருங்கள். 4, 15, 8, 6, 11 என்பதில் வரிசைப்படுத்தாவிட்டாலும் நடுவில் 8, வரிசைப்படுத்தினாலும் 8. ஏறுவரிசை எழுதிய வரி தாளில் இல்லையென்றால், குருட்டாம்போக்கில் வந்த விடையாகவும் இருக்கலாம். நான் இப்படிப்பட்ட தாளில் மதிப்பெண் கொடுத்துவிட்டு, பக்கத்தில் 'வரிசை எங்கே?' என்று எழுதிவிடுவேன்.

திருத்தி எழுதச் சொன்னபின் அடுத்த தவறு வரும். வரிசைப்படுத்தும்போது இரண்டு 9-ஐயும் ஒன்றாக்கி 5, 7, 9, 10, 12, 18 என்று எழுதுவார்கள், இடைநிலை 9.5 ஆகிவிடும். வரிசையைப் படிக்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்: ஏழு இருந்த இடத்தில் ஆறு.